சுவரில் சான்றிதழ், கையில் பாலிசி

'சர்வதேச அங்கீகாரம் பெற்ற 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி' என்ற விளம்பரம் இப்போது தெருவுக்குத் தெரு தென்படுகிறது. பெரும்பாலும் அது குறிப்பிடுவது அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் அமைப்பை. அந்த அமைப்பு யாருக்கும் தேர்வு வைப்பதில்லை. பயிற்சிப் பள்ளியைத் தன் பதிவேட்டில் சேர்க்கிறது; அங்கே படித்தவர் கட்டணம் கட்டிப் பதிந்துகொள்கிறார். சான்றிதழைக் கொடுப்பது பள்ளிதான். எனவே பணம் கட்டும் முன் பள்ளியின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று அதன் இணையதளத்திலேயே தேடிப் பார்ப்பது நல்லது.

இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியம் வேறு வழியில் செல்கிறது. எங்கே படித்திருந்தாலும், எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறியாக வேண்டும்.

ஆனால் எந்தச் சான்றிதழும் இழப்பீடு கட்டாது. அடுக்குமாடி மொட்டைமாடியில் தனியாக வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். ஈரத்தரையில் மாணவி வழுக்கி விழுந்தால் அது பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் கீழ் வரும். சிரசாசனத்தில் ஆசிரியர் காலைப் பிடித்து நிமிர்த்தும்போது கழுத்து பிசகினால் அது தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. ஒன்று மட்டும் இருந்தால் மற்றதற்குப் பணம் வராது.

பலர் கவனிக்காத சிக்கல் இன்னொன்று. தொழில்முறைப் பாலிசிகள் பெரும்பாலும் காயம் நடந்த நாளை மட்டும் பார்ப்பதில்லை; கோரிக்கை வரும் நாளிலும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். 2023இல் பட்ட காயத்துக்கு 2025இல் வக்கீல் நோட்டீஸ் வந்து, இடையில் பிரீமியம் கட்டாமல் விட்டிருந்தால், செலவு முழுவதும் ஆசிரியர் தலையில்தான்.