‘ஃப்ரெஷ்’னு எழுதாதீங்க, மணியை எழுதுங்க

மயிலாப்பூர்ல வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு அக்காவுக்கு இன்ஸ்டாகிராம் கேப்ஷனைத் திருத்தித் தரப் போனேன். அவர் எழுதியிருந்தது இது:

“வாயில் வைத்ததும் கரையும் உலகத்தரமான, ஃப்ரெஷ்ஷான வாழைப்பழ கேக்! மிஸ் பண்ணாதீங்க!”

பாருங்க, இதை எந்தக் கடைக்கும் அப்படியே ஒட்டலாம். அதனால ஒவ்வொரு சொல்லுக்கும் “எப்படிச் சொல்றீங்க, அக்கா?”ன்னு கேட்டேன். ‘ஃப்ரெஷ்’? காலை 5 மணிக்கு அவன்ல வைக்கிறாராம். ‘கரையும்’? தோல் கறுக்கும்வரை பழுத்த பழத்தைத்தான் போடுறாராம். ‘உலகத்தரம்’? சிரிச்சிட்டார். தூக்கிட்டோம்.

இதுல சட்டமும் இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளில், கழுவுதல், தோல் உரித்தல், நறுக்குதல், குளிர்வித்தல் போன்றவற்றைத் தாண்டிப் பதப்படுத்தாத உணவுக்குத்தான் ‘ஃப்ரெஷ்’ என்ற சொல். கேக் சுட்ட பண்டமாச்சே!

கடைசியில் வந்தது இது:

“வாழைப்பழ கேக், இன்று காலை 5 மணிக்குச் சுட்டது. தோல் கறுத்த பழம், மைதா, வெண்ணெய், முட்டை. அரை கிலோ 350 ரூபாய். இன்னிக்கு 6 மட்டும். நாளைக்குள்ள சாப்பிட்டுடுங்க. மயிலாப்பூர்ல நேரில் வாங்கலாம், தி.நகர், அடையாறுக்கு டெலிவரி கட்டணம் தனி.”

‘more’ தட்டுறதுக்கு முன்னாடி ஆரம்ப வரிகள்தான் தெரியும். அதான் பண்டமும் நேரமும் முதல்ல.

ஒரு எச்சரிக்கை: 10 கேக் இருக்கும்போதும் ‘6 மட்டும்’னு போட்டா, அதுவும் பழைய பில்டப்தான்.