கார்டில் விழும் டிப்ஸ் யாருடைய பணம்?

குடும்பத்தோடு சாப்பிட்டு முடித்த ஒருவரின் பில்லில் உணவுக்கு 2,000 ரூபாய். அதன் கீழே 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 200. இரண்டையும் கூட்டிய தொகைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 110. ஆக மொத்தம் 2,310. சர்வீஸ் சார்ஜ் இல்லையென்றால் 2,100 ரூபாயோடு எழுந்திருப்பார். அந்த 200 ரூபாயும் அரசாங்க வரிதான் என்று நினைத்துக் கட்டுகிறவர்கள் பலர். அது உணவகம் தானாகப் போட்டது.

அப்படித் தானாகப் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. வேறு பெயரில் வசூலிப்பதற்கும், உணவுத் தொகையோடு சேர்த்து அதன்மேல் ஜிஎஸ்டி போடுவதற்கும் அதில் தடை உண்டு. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மனு போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. பில்லில் அந்த வரி இருந்தால் நீக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

வாடிக்கையாளர் மனமுவந்து தரும் டிப்ஸுக்கு எந்தத் தடையும் இல்லை. ரொக்கமாகத் தந்தால் சர்வரின் கைக்குப் போய்விடும். கார்டிலோ யுபிஐயிலோ பில்லோடு சேர்த்துத் தரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அது முதலில் முதலாளியின் வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. அப்படியானால் அது அவருடைய பணமா?

இதே கேள்வி ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. கார்டில் வந்த டிப்ஸை அந்த நிறுவனம் வசூலித்து ஊழியர்களுக்குக் கொடுத்தது. அதைச் சம்பளமாகக் கருதி வரி பிடித்திருக்க வேண்டும் என்றது வருமான வரித் துறை. டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: டிப்ஸ் தருவது வாடிக்கையாளர், ஓட்டல் அதை ஊழியருக்காக நம்பிக்கையின் பேரில் வாங்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அது சம்பளம் ஆகாது, முதலாளி டிடிஎஸ் பிடிக்க வேண்டியதும் இல்லை. ஊழியரைப் பொறுத்தவரை அது ‘இதர வருமானம்’; வருமான வரிக் கணக்கில் அவரே காட்ட வேண்டும்.

இனி பங்கீடு. பல இடங்களில் பாயிண்ட் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நடுத்தர உணவகத்தில் மாதத்துக்கு 42,000 ரூபாய் கார்டு டிப்ஸ் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேப்டன்கள் இருவர், ஆளுக்கு 3 பாயிண்ட். சர்வர்கள் ஆறு பேர், ஆளுக்கு 2. மேசை துடைக்கும் மூவருக்கு ஒவ்வொன்று. கூட்டினால் 21 பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு 2,000 ரூபாய். சர்வருக்கு 4,000 கிடைக்கும்.

சமையலறையில் ஏழு பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு? ஆளுக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தால் மொத்தம் 28 ஆகி, பாயிண்டின் மதிப்பு 1,500-க்கு இறங்கும். சர்வரின் பங்கு 3,000 ஆகிவிடும். மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ருசிக்காகத்தான் டிப்ஸ் வந்தது என்பார் மாஸ்டர். நின்று கவனித்ததற்காக வந்தது என்பார் சர்வர். இரண்டும் நியாயம்தான். ஆனால் அடுப்படியில் வெந்தவருக்கு ஒரு பங்காவது இருக்க வேண்டும். எப்படி முடிவு செய்தாலும் மாதம் பிறக்குமுன் எல்லோரையும் வைத்துப் பேசி எழுதி ஒட்டிவிட வேண்டும். பணம் சேர்ந்த பிறகு விகிதத்தை மாற்றினால் யாரும் நம்ப மாட்டார்கள். பாயிண்டை வேலைக்கு வந்த நாட்களால் பெருக்கிக்கொள்வது நல்லது. பாதி மாதம் விடுப்பில் இருந்தவர் பாதிப் பங்கு வாங்குவார்.

கணக்கெழுதும்போது நேரும் பெரிய தவறு, இந்த 42,000-த்தை விற்பனையில் சேர்த்துவிடுவது. சேர்த்தால் வியாபாரம் இல்லாத அளவுக்குப் பெருத்துத் தெரியும்; ஜிஎஸ்டி கேள்வி எழும்; ஊழியர் பணம் முதலாளியின் வருமானம் போலவும் ஆகிவிடும். ‘ஊழியர்களுக்குத் தர வேண்டிய டிப்ஸ்’ என்று தனிக் கணக்கு தொடங்கி, வந்த அன்றே அதில் கடனாக எழுத வேண்டும். பிரித்துக் கொடுக்கும்போது பெயர், பாயிண்ட், தொகை எழுதிக் கையெழுத்து வாங்கி, அதே கணக்கில் கழிக்க வேண்டும்.

சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது எளிது. கார்டு மெஷினில் இரவு கணக்கு முடிக்கும்போது வரும் மொத்தத்தையும், பில் போடும் மென்பொருள் காட்டும் அன்றைய கார்டு விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதலாவது எவ்வளவு கூடுதலோ அவ்வளவுதான் அன்றைய டிப்ஸ். வித்தியாசமே இல்லையென்றால், டிப்ஸையும் விற்பனையாகவே பதிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பங்கு போட்ட நாளின் மாலையில் அந்தத் தனிக் கணக்கில் பாக்கி நின்றால், யாருக்கோ பணம் போய்ச் சேரவில்லை.