பூட்டவும் வேணும், சட்டென்று திறக்கவும் வேணும்!

பெண்ணுக்குப் பிரசவம், பேரனுக்குப் பிறந்த நாள் என்று திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறும் அம்மாக்கள் எங்கள் தொட்டியம் பக்கத்தில் புதிதல்ல. பிரசவ லேகியம், பருப்புப்பொடி, குழந்தைக்குப் பழைய வேஷ்டித் துணி என்று பெட்டி ஒரு மாதம் முன்பே நிரம்பிவிடும். ஆனால் பாஸ்போர்ட் நகல் எங்கே என்று கேட்டால், "மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பினாரே, அதில்தான் இருக்கும்" என்பார்கள். விசாவோ ஏஜெண்ட் அனுப்பிய மெயிலில். டிக்கெட் மகனுடைய போனில்!

போன சித்திரையில் என் மூத்த நாத்தனார் இப்படித்தான் பெண்ணின் பிரசவத்துக்குப் புறப்பட்டார். வயது ஐம்பத்தெட்டு. போனில் பேசுவார், வாட்ஸ்அப் பார்ப்பார், அதற்கு மேல் பழக்கமில்லை. அவருக்காக நானும் அவர் மகனும் உட்கார்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன். நாடு வேறானால் விசா விவரம் மாறும், முறை ஒன்றுதான்.

எந்தெந்தக் காகிதம்?

ஐந்து காகிதம் போதும். முதலாவது பாஸ்போர்ட். போட்டோ உள்ள பக்கத்தை மட்டும் நகல் எடுத்து நிறுத்திவிடக் கூடாது. கடைசிப் பக்கமும் வேண்டும். நம் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர், கணவர் பெயர், விலாசம், பழைய பாஸ்போர்ட் எண் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தொலைந்துபோனால் மாற்று வாங்க முதலிலும் கடைசியிலும் உள்ள பக்கங்களின் நகல்தான் கைகொடுக்கும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். போட்டோ பக்கத்தின் அடியில் அம்புக்குறி போன்ற அடையாளங்களுடன் இரண்டு வரி ஓடும். அதில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தால் படம் சரி. ஒரு ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலும் மறுபடி எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது விசா. சிங்கப்பூர் விசாவை பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. ஈ-விசாவாகத் தனித் தாளில் வருகிறது. அந்தத் தாள் கையில் இல்லையென்றால் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து யாரும் கண்டுகொள்ள முடியாது. மூன்றாவது போகிற டிக்கெட், நான்காவது திரும்புகிற டிக்கெட். ஐந்தாவது, தங்கப்போகும் வீட்டின் விலாசம், அஞ்சல் எண், பெண், மாப்பிள்ளை இருவரின் போன் நம்பர்.

பூட்டுமுன் ஒரு ஒத்திகை

நகலைப் பத்திரப்படுத்துமுன் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க வேண்டும். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நாத்தனார் பெயரின் கடைசி எழுத்து பாஸ்போர்ட்டில் 'ஐ', டிக்கெட்டில் 'ஒய்'! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். கவுண்டரில் அப்படி விட்டுவிடுவார்கள் என்று நம்பி இருக்க முடியாது. பத்து நாள் முன்பே தெரிந்ததால் டிக்கெட் எடுத்த இடத்தில் சொல்லித் திருத்திவிட்டோம். அப்பா பெயர், இனிஷியல் எங்கே வருகிறது என்பதையும் இதே போலப் பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியையும் அப்போதே பாருங்கள். சிங்கப்பூருக்கு உள்ளே நுழையும்போது குறைந்தது ஆறு மாதமாவது அது செல்ல வேண்டும்.

தேதியில் இன்னொரு சங்கதி. நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானமானால், டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00.40 என்று போட்டிருந்தால் நாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11-ஆம் தேதி ராத்திரி! முசிறி வழியாகத் திருச்சி போய், ஊரைத் தாண்டி விமான நிலையம் சேர வேண்டும். அதனால் "11 ராத்திரி கிளம்பணும்" என்று நம் பாஷையிலேயே எழுதி வைத்தோம்.

போனுக்குள் ஒரு பூட்டிய அலமாரி

நாத்தனாரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன். அதில் Files by Google என்ற செயலி இருந்தது. அதைத் திறந்து கொஞ்சம் கீழே தள்ளினால் Safe folder என்று வரும். அதைத் தொட்டு, நான்கு எண் கொண்ட பின் ஒன்றை இரண்டு தடவை கொடுத்தால் அலமாரி தயார். பிறகு ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு Move to Safe folder என்பதை அழுத்த வேண்டும். படம் கேலரியிலிருந்து மறைந்து பூட்டுக்குள் போய்விடும். வரிசை மாறாமல் இருக்க 1 PASSPORT, 2 VISA, 3 TICKET, 4 RETURN, 5 ADDRESS என்று பெயர் வைத்தோம்.

இந்தப் பூட்டின் குணம் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, பின் மறந்தால் திறக்க வழியே கிடையாது. கூகிள்காரர்களாலும் மீட்டுத் தர முடியாது. பிறந்த வருஷம், போன் திறக்கும் எண் இரண்டும் வேண்டாம்; மற்றவர் சுலபமாக ஊகித்துவிடுவார்கள். நாத்தனார் தான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்தை வைத்துக்கொண்டார். அது மகளுக்கும் தெரியும்.

இரண்டு, உள்ளே இருப்பதை யாருக்காவது அனுப்ப வேண்டுமானால் முதலில் வெளியே எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பியதும் மறுபடி உள்ளே வைக்க மறக்கக் கூடாது.

மூன்று, இது அந்த ஒரு போனுக்குள் மட்டும் இருக்கும் அலமாரி. போன் தொலைந்தால் அலமாரியும் தொலைந்தது. ஆகவே இதை மட்டும் நம்பக் கூடாது.

கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள்

பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தபோது நாத்தனார் கேட்டார், "ஏம்மா, மாப்பிள்ளைக்கு அனுப்பினது இன்னும் இதிலேயே இருக்கே?" பார்த்தால் வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் படம் அப்படியே இருந்தது! போனை யார் கையில் வாங்கினாலும் பார்க்கலாம். விலாசம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால், நம் பெயரில் யாரோ சிம் வாங்கவோ கடன் கேட்கவோ இடம் கொடுத்ததாகிவிடும். எனவே வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், வந்த படம் இரண்டையும் அழித்தோம். கூகிள் போட்டோஸில் அழித்தவை அதன் குப்பைத்தொட்டியில் இன்னும் பல நாள் கிடக்கும். அங்கேயும் போய்க் காலி செய்ய வேண்டும்.

ஜெராக்ஸ் கடையும் அப்படித்தான். பிரிண்ட் எடுக்கக் கடை நம்பருக்கு அனுப்பினால், அந்தப் படம் கடைக் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். கடைக்காரத் தம்பியிடம் "Downloads-லயும் Recycle Bin-லயும் அழிச்சிடுப்பா" என்று சொல்லி, எதிரில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

சிக்னல் இல்லாமல் திறக்கிறதா?

இனி முக்கியமான பரீட்சை. வெளிநாட்டில் இறங்கியதும் நம் சிம் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. மெயிலைத் திறக்கப் போனால் ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி நம் சிம்முக்குத்தானே வரும்! அதனால் வீட்டிலேயே போனை Airplane mode-இல் போட்டு, ஐந்து காகிதத்தையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னோம். நான்கு உடனே வந்தன. திரும்பும் டிக்கெட் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றது. காரணம், அது இறக்கப்படவே இல்லை, மெயிலில் இருக்கும் வெறும் இணைப்புதான். அதை இறக்கிச் சேர்த்த பிறகு மறுபடி பரீட்சை வைத்தோம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

வருகை அட்டையும் அந்த மெயிலும்

சிங்கப்பூர் போகிறவர்கள் SG Arrival Card என்ற வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்புவது வழக்கம். 12-ஆம் தேதி இறங்கினால் 10-ஆம் தேதியிலிருந்து நிரப்பலாம். அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையான ICA-வின் தளத்தில் இதற்குக் காசு கிடையாது. காசு கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம் என்று புரிந்துகொள்ளுங்கள். இந்த அட்டை விசா ஆகாது, விசா தனி.

இதில் கேட்கும் மின்னஞ்சலை யோசித்துக் கொடுக்க வேண்டும். உள்ளே விட்ட பிறகு, எத்தனை நாள் தங்கலாம் என்ற விவரம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. ஏஜெண்டின் மெயிலைக் கொடுத்தால் அது அவருக்குப் போய்விடும். நாத்தனாருக்கு மகளே நிரப்பித் தன் மெயிலைக் கொடுத்தாள். விசாவில் போட்டிருக்கும் தேதி வேறு, தங்க அனுமதித்த நாள் வேறு. கணக்குப் பார்க்க வேண்டியது இந்த அனுமதி நாளைத்தான்.

மூன்று இடத்தில் மூன்று நகல்

பாஸ்போர்ட் அசல் எப்போதும் தோளில் மாட்டும் பையில், உடம்போடு. போனில் பூட்டிய நகல். காகித நகல் ஒட்டிய உறையில், பெரிய பெட்டியின் அடியில். இன்னொரு நகல் ஊரில் மகனிடம். அசலும் நகலும் ஒரே பையில் இருந்தால், பை போகும்போது இரண்டும் போய்விடும்.

நகலைக் காட்டி விமானம் ஏற முடியாது. அசல் தொலைந்தால் முதலில் அந்த ஊர்ப் போலீசில் புகார். சிங்கப்பூரில் அவசர எண் 999. பிறகு கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகம். அதன் வழியாகப் புதுப் பாஸ்போர்ட்டுக்கோ, இந்தியா திரும்ப மட்டும் செல்லும் எமர்ஜென்சி சர்டிபிகேட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். நம் எண், வழங்கிய தேதி, வழங்கிய இடம் எல்லாம் நகலில் இருந்தால் அவர்கள் கேட்பதற்கு உடனே பதில் சொல்லலாம்.

பையில் வைக்கும் காகிதப் பட்டியல்

இதைப் போனில் வைக்காதீர்கள். பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ஒவ்வொன்றாகப் பென்சிலால் டிக் போடுங்கள்.

1. பாஸ்போர்ட் அசல் தோள் பையில்.
2. ஈ-விசா அச்சிட்ட தாள்.
3. போக, வர டிக்கெட். எந்த ராத்திரி கிளம்ப வேண்டும்?
4. மூன்று காகிதத்திலும் பெயர், எண், பிறந்த தேதி ஒத்துப் பார்த்தது.
5. வருகை அட்டை நிரப்பியது, யார் மெயிலில்?
6. Airplane mode-இல் ஐந்தும் திறந்தது.
7. வாட்ஸ்அப், குப்பைத்தொட்டி, ஜெராக்ஸ் கடையில் அழித்தது.
8. மகள் விலாசமும் போன் நம்பரும் இங்கே கையால் எழுதியது.
9. பெட்டியில் உறை, ஊரில் ஒரு நகல்.
10. திரும்ப வேண்டிய கடைசி நாள்: இறங்கிய பிறகு நிரப்ப வேண்டும்.

பூட்டின் பின் எண்ணை மட்டும் இந்தத் தாளில் எழுதாதீர்கள். பத்தாவது வரியைக் காலியாக விட்டுக் கொடுத்தனுப்புங்கள். மகள் அதை நிரப்பிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பட்டும். எந்த நாளுக்குள் திரும்ப வேண்டும் என்பது இங்கே இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கும்.