சம்பளப் பட்டியலில் தப்பிய பூஜ்யம்

13 பேர் வேலை செய்யும் ஓர் அச்சகத்தின் மாதச் சம்பளப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எக்செல் தாளில் B2 முதல் B14 வரை உள்ள தொகைகளைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் இப்படி வருகிறது: 1,400, 14,500, 15,000, 16,000, 17,000, 18,000, 19,000, 20,000, 22,000, 26,000, 28,000, 45,000, 1,85,000.

இவற்றின் சராசரி ஏறத்தாழ 32,838 ரூபாய். 13 பேரில் 11 பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள். கடைசியில் நிற்கும் ஒரே ஒரு தொகை சராசரியை அவ்வளவு தூரம் மேலே இழுத்துவிட்டது. பட்டியலில் எது அசாதாரணம் என்று கேட்கும்போது, அந்த அசாதாரணத் தொகையால் அசையாத அளவுகோல் வேண்டும். கால்மானங்கள் அதற்குத்தான். கீழிருந்து கால் பங்கில் நிற்கும் தொகை முதல் கால்மானம், முக்கால் பங்கில் நிற்பது மூன்றாம் கால்மானம். இங்கே அவை 16,000, 26,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10,000தான் கால்மான இடைவெளி. நடுவில் உள்ள பாதிப்பேரின் சம்பளம் இந்த அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய விதி இது: இடைவெளியை ஒன்றரை மடங்காக்கி, முதல் கால்மானத்தில் கழி, மூன்றாம் கால்மானத்தில் கூட்டு. அந்த இரண்டு வேலிகளுக்கு வெளியே விழுவதைத் தனியாகப் பார். F1 முதல் F5 வரை இந்த ஐந்து வரிகளை இட வேண்டும்:

```
=QUARTILE.INC($B$2:$B$14,1)
=QUARTILE.INC($B$2:$B$14,3)
=F2-F1
=F1-1.5*F3
=F2+1.5*F3
```

C2 கட்டத்தில் கீழ்க்காணும் சூத்திரத்தை இட்டு C14 வரை இழுத்துவிடலாம்:

```
=IF(OR(B2<$F$4,B2>$F$5),"பார்","")
```

கீழ் வேலி 1,000, மேல் வேலி 41,000. 45,000க்கும் 1,85,000க்கும் எதிரே "பார்" என்று வருகிறது. பணி நியமனக் கோப்பைப் புரட்டினால், 45,000 வாங்குபவர் மேலாளர். அது சரியான தொகை. 1,85,000 என்பதோ 18,500க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் கூடிப்போனது.

ஆனால் 1,400 அகப்படவே இல்லை. 14,000இல் ஒரு பூஜ்யம் விட்டுப்போன அந்தத் தொகை, 1,000 என்ற வேலிக்கு மேலே இருப்பதால் தப்பிவிட்டது. சம்பளப் பட்டியல்களில் இது அடிக்கடி நடக்கும். பலர் கீழே நெருங்கி நிற்க, சிலர் மட்டும் மேலே தூரமாகப் போவதுதான் சம்பளத்தின் இயல்பு. அதனால் கீழ் வேலி பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ போய்விடுகிறது. எந்தத் தவறும் அங்கே சிக்காது.

இதற்கு வழி, வித்தியாசத்தை விட்டுவிட்டு மடங்கைப் பார்ப்பது. பக்கத்தில் ஒரு பத்தியில் =LN(B2) என்று மடக்கை எடுத்து, அதே ஐந்து வரிகளை அந்தப் பத்தியின் மேல் ஓட்ட வேண்டும். C பத்தியின் சூத்திரத்திலும் B2க்குப் பதில் அந்தக் கட்டத்தைக் குறிக்க வேண்டும். கிடைத்த வேலிகளை EXP கொண்டு ரூபாய்க்குத் திருப்பினால் கீழே சுமார் 7,720, மேலே சுமார் 53,860. இப்போது 1,400 மாட்டிக்கொள்கிறது, 1,85,000 மாட்டிக்கொள்கிறது, மேலாளர் உள்ளே வந்துவிடுகிறார். சம்பளத்துக்கு இந்த முறையே பொருத்தம் என்பது என் கருத்து. மாதம் முழுவதும் விடுப்பு எடுத்தவருக்கு 0 என்று இருந்தால் மட்டும் LN பிழை காட்டும். அந்த வரிசையை முன்பே தனியே எடுத்து வையுங்கள்.

இரண்டு தொகைகளையும் திருத்தியதும் மூன்றாம் கால்மானம் 22,000க்கு இறங்கி, வேலிகள் நெருங்கிவிடுகின்றன. மடக்கை முறையிலும் மேல் வேலி சுமார் 35,470 ஆகிவிடுவதால் மேலாளருக்கு எதிரே மறுபடி "பார்" வரும். வரட்டும். அது விசாரிக்கச் சொல்லும் குறிதானே தவிர, நீக்கச் சொல்லும் உத்தரவு அல்ல.

நூற்றுமானத் தரத்தைத் திருத்தம் முடிந்த பிறகே சேர்க்க வேண்டும்:

```
=PERCENTRANK.INC($B$2:$B$14,B2)
```

தன்னைவிடக் குறைவாக வாங்குபவர்களின் எண்ணிக்கையை, மொத்தத்தில் ஒன்று குறைத்து வகுத்தால் வருவது இது. 18,500 வாங்குபவருக்குக் கீழே 6 பேர். 6ஐ 12ஆல் வகுத்தால் 0.5. திருத்தும் முன் இதே ஊழியர் 1 என்ற தரத்தில், மேலாளருக்கும் மேலே நின்றிருப்பார்.

இந்தப் பத்தி இடத்தை மட்டுமே சொல்லும், தூரத்தைச் சொல்லாது. 14,000க்கும் 14,500க்கும் நடுவே ஒரு படி. 28,000க்கும் 45,000க்கும் நடுவிலும் அதே ஒரு படிதான். ஆகவே தரப் பத்தியை மட்டும் வைத்து ஊதிய உயர்வை முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் சம்பளத் தொகையும் "பார்" பத்தியும் இருக்கட்டும்.