கடிதங்களில் பெயர் விளிப்பு

கடிதத்தையோ மின்னஞ்சலையோ பெறுபவரை அவருடைய பெயராலும், அதனுடன் வரும் மரியாதைச் சொல்லாலும் அழைப்பது பெயர் விளிப்பு எனப்படும். ஒரு பெயரில் எந்தப் பகுதி அந்த ஆளுக்கே உரியது, எந்தப் பகுதி தந்தையையோ குடும்பத்தையோ ஊரையோ குறிப்பது என்பது பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுபடும். விளிப்பில் நேரும் பெரும்பாலான பிழைகளுக்கு இதை அறியாமையே காரணம்.

ஆரோவில்லின் நிலை

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலைக்கு அருகில் உள்ளது. இங்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் வாழ்கின்றனர். இந்தியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் ஆகியோர் எண்ணிக்கையில் மிகுதி.

குடியிருப்போர் ஒருவரையொருவர் முதற்பெயரால் அழைப்பது இங்கு வழக்கம். சிலர் கடவுச்சீட்டில் உள்ள பெயரை விட்டு, பின்னர் ஏற்ற ஒற்றைப் பெயராலேயே அறியப்படுகின்றனர். இத்தகையவருக்கு எழுதும்போது, விசா, வங்கி போன்ற அலுவல்களில் கடவுச்சீட்டுப் பெயரையும், கடிதத்தின் விளிப்பில் அவர் ஏற்ற பெயரையும் எழுத வேண்டும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் எழுதினால், அலுவலகத்தில் ஆள் அடையாளம் பொருந்தாமல் போகும்.

ஆரோவில்லைச் சூழ்ந்துள்ள குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி போன்ற தமிழ்ச் சிற்றூர்களிலிருந்து பலர் அங்கு வேலைக்கு வருகின்றனர். அவர்களின் வழக்கம் வேறு. வயதில் மூத்தவரை வெறும் பெயரால் அழைப்பது அவ்வூர்களில் மரியாதைக் குறைவு. அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்றே அழைப்பர். ஒரே அலுவலகத்தில் இவ்விரு வழக்கங்களும் அருகருகே நடப்பதால், யாரை எப்படி விளிப்பது என்ற கேள்வி அங்கு அன்றாடம் எழக்கூடியது.

முன்னெழுத்து எதைக் குறிக்கிறது

ஐரோப்பியப் பெயர்களில் முதலில் சொந்தப் பெயரும் இறுதியில் குடும்பப்பெயரும் வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்க, சொந்தப் பெயர் அதன் பின் வரும். முன்னெழுத்தை விரித்து எழுதும்போது தந்தையின் பெயர் முதலிடம் பெறுகிறது. வெளிநாட்டார் அதையே முதற்பெயராக எடுத்துக்கொள்கின்றனர்.

சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயர் இதற்குத் தெளிவான சான்று. அவருடைய பெயர் ஆனந்த். விஸ்வநாதன் என்பது தந்தையின் பெயர். ஆயினும் சதுரங்க உலகில் அவருக்கு 'விஷி' என்ற செல்லப்பெயர் நிலைத்துவிட்டது. அது தந்தையின் பெயரைச் சுருக்கியதால் வந்தது. ஐரோப்பிய முறைப்படி நட்பாக எழுத நினைப்பவர் 'அன்புள்ள விஸ்வநாதன்' என்று தொடங்கினால், அவர் விளிப்பது மகனை அல்ல, தந்தையை. தந்தையை இழந்த ஒருவருக்கு இத்தகைய கடிதம் வந்தால் அது வெறும் எழுத்துப் பிழையாக இராது.

'மிஸ்டர் ஆனந்த்' என்று எழுதுவதில் சிக்கல் இல்லை. ஆங்கில முறையில் மிஸ்டர் என்பதற்குப் பின் குடும்பப்பெயர் வர வேண்டும். அந்த இடத்தில் தமிழருக்குச் சொந்தப் பெயரே வருகிறது. இதனால் முறையான கடிதத்தில் தமிழ்ப் பெயர் பெரும்பாலும் சரியாகவே விளிக்கப்படுகிறது. நெருக்கம் காட்ட முயலும்போதுதான் பிழை நேர்கிறது.

முன்னெழுத்து எப்போதும் தந்தையைக் குறிக்கும் என்றும் சொல்ல முடியாது. சி. என். அண்ணாதுரை என்பதில் 'சி' காஞ்சிபுரத்தின் பழைய ஆங்கில வடிவான காஞ்சீவரத்தையும், 'என்' தந்தை நடராசனையும் குறிக்கும். 2024-இல் உலக வாகையரான சென்னை வீரர் டி. குகேஷின் 'டி', தொம்மராஜு என்ற தெலுங்குக் குடும்பப்பெயர். பெண்களில் சிலர் திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்தை ஏற்பர். சிலர் தந்தையின் முன்னெழுத்தையே தொடர்வர். எனவே முன்னெழுத்தைத் தாமாக விரித்து எழுதுவதைத் தவிர்க்க வேண்டும்.

ஆங்கில முன்னெழுத்தைத் தமிழில் எழுதுவதிலும் ஊகம் உதவாது. 'எஸ்' என்பது ச, சு, செ, சோ என எதுவாகவும் இருக்கலாம். தெரியாத நிலையில் 'எஸ்.' என்றே விடுவது, தவறான எழுத்தை இடுவதை விட நல்லது.

படிவங்கள் செய்யும் பிழை

இணையப் படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். குடும்பப்பெயர் இல்லாதவர் தந்தையின் பெயரை ஏதேனும் ஒரு கட்டத்தில் நிரப்ப நேர்கிறது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்ப் பகுதி வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் உள்ள பெயரெல்லாம் குடும்பப்பெயராகப் பதிவாகி, முதற்பெயர் இடத்தில் FNU என்று அச்சாகும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அந்தப் பதிவிலிருந்து தானாக உருவாகும் கடிதங்கள் அவரை FNU என்றே விளிக்கும். இதைத் தவிர்க்க, 'கடிதத்தில் உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்ற தனிக் கட்டத்தைப் படிவத்தில் சேர்ப்பது எளிய வழி.

மூன்று மொழிகளில் மரியாதைச் சொற்கள்

குயிலாப்பாளையத்து மாணவர் ஒருவர் பயிற்சி வாய்ப்புக் கேட்டு, முன்பின் அறியாத மூவருக்கு எழுதுவதாகக் கொள்ளலாம்.

முதலாமவர் பிரெஞ்சுப் பெண்மணி. பிரெஞ்சில் எழுதினால் 'மதாம்' என்று மட்டும் தொடங்க வேண்டும். முறையான கடிதத்தில் பெயர் சேர்ப்பதில்லை. ஆணுக்கு 'முசியே'. பிரெஞ்சுக்காரர் பலர் தம் குடும்பப்பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதுவதால், எது குடும்பப்பெயர் என்பது எளிதில் தெரியும்.

இரண்டாமவர் முனைவர் பட்டம் பெற்ற ஜெர்மானியர். ஜெர்மன் மொழியில் 'ஹெர்' அல்லது 'ஃப்ராவ்', அதன்பின் பட்டம், அதன்பின் குடும்பப்பெயர் என்பதே வரிசை. முதற்பெயர் விளிப்பில் வராது.

மூன்றாமவர் தமிழர், வயதில் மூத்தவர். உறையின் மேல் திரு அல்லது திருமதி என முன்னெழுத்தோடு பெயரும், இறுதியில் 'அவர்கள்' என்பதும் வரும். உள்ளே 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'அம்மா' என்று தொடங்கினால் பெயரே தேவையில்லை. பெண்ணின் மணநிலை தெரியாதபோதும், பெயரைக் கொண்டு ஆணா பெண்ணா எனத் தெரியாதபோதும் 'திருமிகு' பொருந்தும்.

முதற்பெயர் எப்போது பொருந்தும்

பதில் கடிதத்தின் கையொப்பமே இதற்கு நல்ல வழிகாட்டி. அந்த ஜெர்மானியர் முதற்பெயரை மட்டும் கையொப்பமாக இட்டால், அடுத்த கடிதத்தில் அதைப் பயன்படுத்தலாம். முழுப்பெயரும் பட்டமும் இட்டிருந்தால் பழைய முறையே தொடர வேண்டும். ஆரோவில்லில் பலர் முதல் பதிலிலேயே முதற்பெயரை மட்டும் இடுவதால் இந்த மாற்றம் விரைவில் நிகழ்கிறது.

தமிழில் கையொப்பம் மட்டும் போதாது. மூத்தவர் ஒருவர் ஆங்கில மடலில் வெறும் பெயரை இட்டிருக்கலாம். அதற்கு ஆங்கிலத்தில் பதில் எழுதும் இளையவர் அப்பெயரால் விளிப்பது தவறாகாது. அதே மனிதருக்குத் தமிழில் எழுதும்போது 'ஐயா' திரும்பி வந்துவிடும். ஆளும் உறவும் மாறாதபோதும் எழுதும் மொழி மாறினால் விளிப்பும் மாறுகிறது.