கையெழுத்துக்கு முன் நான்கு தேதிகள்

2021 அக்டோபரில், பிறந்தநாளையொட்டி நடிகர் அமிதாப் பச்சன் ஒரு முடிவை அறிவித்தார். கமலா பசந்த் என்ற பான் மசாலா நிறுவனத்துடன் செய்திருந்த விளம்பர ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டதாகவும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் அவர் தரப்பு தெரிவித்தது. அத்துடன் விஷயம் முடியவில்லை. அடுத்த மாதமும் அவர் முகத்தோடு அந்த விளம்பரம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒளிபரப்பை நிறுத்தும்படி அவர் தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

பணம் கைமாறி முடிந்த பிறகும் விளம்பரம் தன்பாட்டுக்கு ஓடும். எதுவரை ஓடலாம் என்பதை ஒப்பந்தத்தில் உள்ள ஓரிரு வரிகள்தான் தீர்மானிக்கின்றன. பெரிய நட்சத்திரத்துக்கு அந்த வரிகளைப் படித்துச் சொல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சமையலறையிலிருந்து ரீல் போடுபவருக்கு மின்னஞ்சலில் ஒரு பி.டி.எஃப் வருகிறது, “இன்னைக்கே சைன் பண்ணி அனுப்பிடுங்க மேடம், எல்லாருக்கும் இதே டெம்ப்ளேட்தான்” என்று ஏஜென்சியிலிருந்து ஒரு போனும் வருகிறது.

கோவையில் சமையல் வீடியோ போடும் ஒரு பெண்ணுக்கு அப்படியொரு பி.டி.எஃப் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, விதிகள் இத்தகைய ஒப்பந்தங்களில் சாதாரணமாகக் காணப்படுபவை. சமையல் எண்ணெய் பிராண்ட் ஒன்றுக்கு ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி. கட்டணம் 40,000 ரூபாய். வீடியோவை பிராண்ட் “எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றி” பயன்படுத்தலாம். பிரசாரம் முடிந்து 90 நாட்கள் வரை வேறு எந்த உணவுப் பொருள் விளம்பரத்திலும் அவர் வரக்கூடாது. பிராண்ட் திருப்தி அடையும்வரை திருத்தம் செய்து தர வேண்டும். பிரசாரம் முடிந்த 60 நாட்களுக்குள் பணம் வரும்.

முதலில் பயன்பாட்டு உரிமை. தன் பக்கத்தில் ஒரு ரீல் போடத்தான் 40,000 ரூபாய் என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் “எல்லா ஊடகங்களிலும்” என்ற சொற்களுக்குள் தொலைக்காட்சி விளம்பரம், கடைவாசல் பதாகை, அமேசான் பக்கத்துப் படம் எல்லாமே அடங்கும். அவருடைய பெயரிலேயே பிராண்ட் காசு கட்டி ஓட்டும் இன்ஸ்டாகிராம் விளம்பரமும் அதில் உண்டு. காலவரை இல்லாததால், ஐந்து வருடம் கழித்து அவர் வேறொரு எண்ணெய்க்கு விளம்பரம் செய்யும்போதும் இந்தப் பழைய முகம் சந்தையில் இருக்கும். புதிதாக வருகிற நிறுவனம் அதைக் காட்டியே விலகிக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், மாற்று உடன்பாடு இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது. திரைப்படம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் காட்சிப் பதிவு எதையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது. ரீலும் அதற்குள் வரும் என்று பிராண்ட் வாதிட முடியும். “பதிப்புரிமை படைப்பாளியிடமே இருக்கும், பிராண்டுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வாதத்துக்கு இடமில்லை.

உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுக் காலத்தை மட்டும் குறிப்பிடாமல் விட்டால், 19-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்ளும். இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளும். “காலவரையின்றி, உலகம் முழுவதும்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பும் கைவிட்டுப் போகிறது.

ஆகவே எந்தெந்தத் தளங்கள், எத்தனை நாள், காசு கட்டி ஓட்டும் விளம்பரம் உண்டா, வீடியோவை வெட்டி ஒட்டலாமா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். காசு கட்டி ஓட்டும் விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பது இத்துறையில் வழக்கம். அடிப்படைக் கட்டணத்தில் மாதத்துக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவார்கள். நிலையான விகிதம் எதுவும் கிடையாது. நம் கோவைப் பெண் 20 சதவீதம் கேட்டால் மாதம் 8,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு 24,000 ரூபாய்.

அடுத்தது போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக்கூடாது என்கிற விதி. பிராண்ட் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இன்று ஓர் எண்ணெயைப் புகழ்ந்துவிட்டு அடுத்த வாரமே இன்னொன்றைப் புகழ்ந்தால் இரண்டையுமே யாரும் நம்பமாட்டார்கள். சிக்கல் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, “உணவுப் பொருள்” என்ற அகலமான சொல். எண்ணெய்க்காரருக்கு மசாலாவும் பிஸ்கட்டும் போட்டியே இல்லை. ஆனால் அந்தச் சொல் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது. மற்றொன்று, நாட்கணக்கு எங்கே தொடங்குகிறது என்பது.

மார்ச் 1-ஆம் தேதி அவர் கையெழுத்துப் போடுகிறார் என்று கொள்வோம். அவருடைய ரீல் மார்ச் 20-ல் வெளியாகிவிடுகிறது. ஆனால் அதே பிரசாரத்தில் வேறு பதினைந்து பேர் இருக்கிறார்கள். கடைசி ஆள் வீடியோ போடுவது மே 10-ல். பிரசாரம் அன்றுதான் முடிகிறது. அங்கிருந்து 90 நாள் என்றால் ஆகஸ்ட் 8 ஆகிறது. மூன்று மாதம் என்று படித்தது ஐந்து மாதத்துக்கு மேல் நீள்கிறது. மாதம் ஓர் உணவு பிராண்ட், 25,000 ரூபாய் என்பது அவருடைய வழக்கமான வரவு என்றால், 40,000 ரூபாய்க்காக அவர் ஏறக்குறைய 1,25,000 ரூபாயை விடுகிறார். “சமையல் எண்ணெய் மட்டும், என் ரீல் வெளியானதிலிருந்து 30 நாள், ஏப்ரல் 19 வரை” என்று காலண்டர் தேதியாகவே எழுதிக் கேட்டால் பிராண்டின் நியாயமான தேவையும் நிறைவேறும், அவர் பிழைப்பும் நிற்காது.

ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவரைக் கட்டிப்போட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் 2000-ஆம் ஆண்டில் பெர்செப்ட் டிமார்க் நிறுவனத்துடன் மூன்று வருட ஒப்பந்தம் செய்தார். அவருடைய விளம்பர வாய்ப்புகளைக் கவனித்துக்கொள்வது நிறுவனத்தின் வேலை. மூன்று வருடம் முடிந்த பிறகு வேறு நிறுவனம் ஒன்று அழைத்தால், அதே நிபந்தனைகளில் முதலில் பெர்செப்டுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. காலம் முடிந்ததும் ஜாகீர் வேறு இடத்துக்குப் போக, வழக்கு வந்தது. தொழிலைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்று சொல்லும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை வைத்து, அந்த விதியால் அவரைத் தடுக்க முடியாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது விதிக்கும் கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் இப்படிப் பார்ப்பதில்லை. அது பொதுவாகச் செல்லும். அதனால்தான் ஒப்பந்தக் காலம் என்று முடிகிறது என்ற தேதி அவ்வளவு முக்கியமாகிறது.

திருத்தங்களுக்கு வருவோம். “திருப்தி அடையும்வரை” என்று எழுதிவிட்டால் வேலை முடியும் நாளே கிடையாது. அனுபவசாலிகள் வேலையை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். யோசனைக்கு ஒப்புதல், ஸ்கிரிப்டுக்கு ஒப்புதல், வெட்டி முடித்த வீடியோவுக்கு ஒப்புதல். இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்தில் அடங்கும். சுற்று என்றால் பிராண்டில் உள்ள எல்லாருடைய கருத்தும் சேர்ந்த ஒரே பட்டியல். காலையில் மார்க்கெட்டிங் மேனேஜர், மாலையில் அவருடைய மேலதிகாரி என்று வருவதெல்லாம் கணக்கில்லை. பொருளின் பெயரைத் தவறாகச் சொல்லியிருந்தால் அதை இலவசமாகத் திருத்தித் தர வேண்டியதுதான். ஒப்புக்கொண்ட ஸ்கிரிப்டையே மாற்றி மறுபடி படம்பிடிக்கச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம்.

திருத்தம் என்ற பெயரில் புதிய வாக்கியம் நுழையும்போதும் கவனம் தேவை. “இந்த எண்ணெய் கொழுப்பைக் குறைக்கும்னு ஒரு வரி சேர்த்துடுங்க மேடம்” என்று கடைசிச் சுற்றில் கேட்பார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கு மட்டுமல்ல, அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம். சொல்வது உண்மையா என்று தக்க முறையில் விசாரித்திருந்தால் பரிந்துரைப்பவர் தப்பிக்கலாம். எனவே அப்படியொரு வரி வந்தால், அதற்கான ஆதாரத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லி, அது வந்த பிறகே பேச வேண்டும்.

திருத்தம் முடியும் தேதியோடு பின்னிக்கிடப்பது பணம் வரும் தேதி. அதே கணக்கில், பிரசாரம் முடியும் மே 10-லிருந்து 60 நாள் என்றால் ஜூலை 9. மார்ச்சில் செய்த வேலைக்கு ஜூலையில் கூலி. “கிளையண்ட் கொடுத்தால்தான் நாங்கள் தருவோம்” என்று ஏஜென்சி ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தத் தேதியும் உறுதியில்லை.

இங்கே கைகொடுக்கும் சட்டம் ஒன்று பலருக்குத் தெரியாது. வீடியோ செய்து தருவதையும் சேவைத் தொழிலாக மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிந்து குறுந்தொழில் ஆகலாம். பதிந்தவருக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும். அதன்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. முடிந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாமல், தேதி தெரிய மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். பதிவு வேலைக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு ஓடிப் பதிந்தால் பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தைக் காட்டுவது கடினம்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் ஏஜென்சிக்குப் பதில் எழுதுகிறார். அடிப்படைக் கட்டணம் 40,000, விளம்பர உரிமை மூன்று மாதத்துக்கு 24,000, மொத்தம் 64,000. அதில் பாதி, 32,000 ரூபாய், ஸ்கிரிப்ட் ஒப்புதலோடு. மீதி, ரீல் வெளியான 15 நாளில், அதாவது ஏப்ரல் 4-க்குள். படம்பிடித்த பிறகு பிராண்ட் பிரசாரத்தைக் கைவிட்டால் முன்பணம் திரும்பாது. பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் சரி என்று பதில் வராது. முன்பணத்தை 30 சதவீதமாகக் குறைக்கச் சொல்வார்கள், அல்லது விளம்பர உரிமை ஒரு மாதம் போதும் என்பார்கள். இரண்டுமே ஏற்கத்தக்கவைதான். முன்பணம் குறைந்தாலும் மீதித் தேதி நகரவில்லை. உரிமை சுருங்கினால் கட்டணமும் 8,000 ரூபாயாகச் சுருங்குகிறது.

உடன்பாடு ஆனதும் ரீல் வெளியாகும் நாள், மீதிப் பணம் வரும் நாள், போட்டித் தடை முடியும் நாள், விளம்பர உரிமை முடியும் நாள் ஆகிய நான்கையும் போன் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். உரிமை முடிவதற்கு ஒரு வாரம் முன்பு, “ஜூன் 19-ஆம் தேதியோடு அனுமதி முடிகிறது, நீட்டிக்க விரும்பினால் மாதம் 8,000 ரூபாய்” என்று ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம். பதில் வராவிட்டால் மறுநாள் இன்ஸ்டாகிராமில் பிராண்டுக்குக் கொடுத்த விளம்பர அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டு, விளம்பரம் வேறெங்கும் ஓடுகிறதா என்று தேடிப் பார்த்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.