வினைமுற்றின் எடை

கீழடி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நான் எழுதிய கட்டுரையில் ஒரு வாக்கியம்: ‘கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே சாமானியத் தமிழர் எழுதினர் என்பதைக் கீழடி நிறுவுகிறது.’ ‘எதை வெச்சுய்யா நிறுவுது?’ என்றார் நண்பர். என்னிடம் பதில் இல்லை.

2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கி.மு. 580 என்ற காலம் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரிக்கு உரியது. தமிழி எழுத்துப் பொறித்த பானையோட்டுக்கு அல்ல. ஓட்டின் காலம் மண்ணடுக்கை வைத்துப் பெறப்படுவது.

ஆக, மூன்று கூற்றுக்கு மூன்று வினைமுற்று. கரியின் பழமையை அளவீடு ‘நிறுவுகிறது’. ஆனால் துல்லியமான வருஷத்தை அல்ல, கி.மு. 800-400 இடைவெளியில் கார்பன் திருத்த வளைகோடு ஏறக்குறையத் தட்டையாகக் கிடப்பதால் ஒரே அளவீடு பல தலைமுறைகளுக்குப் பொருந்தும். ஓடும் கரியும் ஒரே அடுக்கில் கிடந்தால், எழுத்தும் அக்காலத்தது என்பதை அது ‘சுட்டுகிறது’; பிற்காலத்துக் குழியோ எலிவளையோ அடுக்கைக் கலைத்திருந்தால் அதுவும் நிற்காது. சாமானியர் எழுதினர் என்பது ‘இருக்கலாம்’ மட்டுமே. ஓட்டில் பெயரைக் கீறியவர் பானைக்காரரா, வணிகரா என்று ஓடு சொல்வதில்லை.

அதுக்காக எல்லாத்துக்கும் ‘லாம்’ ஒட்டுவதும் பொய்தான். செங்கல் சுவரும் உறைகிணறும் கண்ணெதிரே நிற்கையில் ‘அங்கு குடியிருப்பு இருந்திருக்கலாம்’ என எழுதுவது நடுநிலை அல்ல, மறுப்பவனுக்குச் செய்யும் உபகாரம்.

என் வாக்கியத்தை மூன்றாக உடைத்தேன். நீளம் கூடியது. நண்பர் கேட்டால் இப்போது ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு.